ஒரே புடவை போட்டோ, பல பேக்ரவுண்ட்: ஆனா புடவை மாறிடுது, என்ன பண்றது?

எம்சிரோடு_பொண்ணு · சனி, இரவு 9:40

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல அம்மாவோட சின்ன புடவைக்கடை. ஆன்லைன் பக்கத்தை நான் பார்த்துக்கறேன். போன மாசம் மயில்கழுத்து கலர்ல ஒரு பட்டு வந்துச்சு. அஞ்சு அங்குல ஜரிகை பார்டர், அதுக்கு மேல வரிசையா கோபுரம். கடையில பொம்மைக்குக் கட்டி ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்தேன். பின்னாடி ஷட்டர், மின்விசிறி, அட்டைப்பெட்டி எல்லாம் தெரியுது. அதனால ஒரு ஏஐ ஆப்ல அந்தப் போட்டோவை ஏத்தி, "கோயில் மண்டபம்", "வெள்ளைச் சுவர்", "வீட்டுத் திண்ணை"ன்னு மூணு படம் வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு.

முதல் ஆர்டரே திரும்பி வந்துடுச்சு. "படத்துல பார்டர் பெருசா இருந்தது, கலர் வேற"ன்னு எழுதியிருந்தாங்க. அப்புறம்தான் ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். என் போட்டோவுல கீழ் ஓரத்துல முன்பக்கம் 31 கோபுரம். ஆப் குடுத்த படத்துல 24, ஒவ்வொண்ணும் கொஞ்சம் குண்டு. பார்டர் ஏழு அங்குலத்துக்கு மேல இருக்கும் போல. "புடவையை மாத்தாதே"ன்னு தெளிவா எழுதித்தான் குடுத்தேன். அப்புறம் ஏன் மாத்துது?

இன்னொண்ணு. இதே புடவை ஆறு கலர்ல இருக்கு. ஒரு போட்டோவை வச்சே ஆறையும் பண்ணிடலாமா?

---

காசிமேடு_காத்து · சனி, இரவு 10:05

தங்கச்சி, அடுத்த கடைக்காரன் எடுத்த போட்டோவை எடுத்து ஏஐல போட்டு நம்ம பேர்ல விக்கறது தப்பு. எங்க ஏரியாவுல ஒருத்தன் இப்படித்தான் மாட்னான். வுட்டுடு.

---

எம்சிரோடு_பொண்ணு · சனி, இரவு 10:11

அண்ணா, போட்டோ நான் எடுத்தது, புடவை எங்க கடையோடது. திரும்ப ஒரு தடவை படிங்க.

---

காசிமேடு_காத்து · சனி, இரவு 10:13

ஓ. சரி சரி. தலைப்பை மட்டும் பாத்தேன்.

---

ப்ராம்ப்ட்_பிரகஸ்பதி · சனி, இரவு 10:30

சுலபம். நீங்க ஆப்பை விட்டுட்டு கம்ப்யூட்டர்ல ஸ்டேபிள் டிஃப்யூஷன்ங்கற படம் வரையற ஏஐயைப் போடுங்க. குடுத்த படத்தை எவ்வளவு மாத்தலாம்னு சொல்ற `denoising strength` 0.3க்கு மேல போகாதீங்க. படம் எங்க இருந்து வரைய ஆரம்பிக்குதுன்னு முடிவு பண்ற `seed` எண்ணை மாத்தாம ஒரே எண்ணா வையுங்க. புடவை அப்படியே நிக்கும். கலருக்கு இன்னும் சுலபம்: ஏதாவது எடிட்டர்ல நிறத்தை மாத்தற ஹியூ ஸ்லைடரைத் தள்ளினா ஆறு கலரும் ரெண்டு நிமிஷத்துல ரெடி.

---

மாஸ்க்_மேஸ்திரி · சனி, இரவு 11:20

பெரம்பூர்ல இருக்கேன். பதினோரு வருஷமா துணிக்கடை கேட்லாக் ரீடச்சிங்தான் வேலை. தம்பி சொன்னதுல பாதி சரி, அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல அது ஏன் மாத்துதுன்னு பார்ப்போம். நீங்க "பேக்ரவுண்டை மட்டும் மாத்து"ன்னு எழுதினாலும், இந்த மாதிரி ஆப் பெரும்பாலும் முழுப் படத்தையும் புதுசா வரையுது. உங்க புடவையைப் பார்த்து, அதே மாதிரி இன்னொரு புடவையை வரைஞ்சு குடுக்குது. அது உங்க புடவையோட போட்டோ இல்லை, உங்க புடவையைப் பார்த்து ஒருத்தர் போட்ட ஓவியம். ஓவியர் கோபுரத்தை எண்ணிக்கிட்டு உட்கார மாட்டார்.

உங்க படத்தையே கணக்குப் போட்டுக் காட்டறேன். பொம்மையோட தோள்ல இருந்து தரை வரைக்கும், மேலே கீழே கொஞ்சம் இடம் விட்டு, ஃபிரேம்ல சுமார் 64 அங்குலம் இருக்குன்னு வைப்போம். ஆப் வேலை செய்யற படம் 1024 புள்ளி உயரம்னா, அங்குலத்துக்கு 16 புள்ளிதான். உங்க கோபுரம் அரை அங்குலம் இருக்குமா? அப்ப 8 புள்ளி. ஸ்டேபிள் டிஃப்யூஷன் படத்தை அப்படியே வச்சு வேலை செய்யாது. முதல்ல சுருக்கிக்கும்: 8க்கு 8 புள்ளிக் கட்டம் ஒண்ணு, உள்ளே ஒரே ஒரு அறையாகிடும். உங்க ஒரு கோபுரம் முழுசா அந்த ஒரு அறைக்குள்ள அடங்கிடுது. திரும்ப விரிக்கும்போது "இங்க ஏதோ முக்கோணம் இருந்துச்சு"ன்னுதான் அதுக்குத் தெரியும். 31 எப்படி 24 ஆச்சுன்னு இப்ப புரியும்.

இதுல ஒரு குழி இருக்கு, நிறைய பேர் தடுக்கி விழுவாங்க. மாஸ்க் போட்டு "இந்த இடத்தைத் தொடாதே"ன்னு சொன்னாலும், சுருக்கி விரிக்கறப்போ தொடாத இடமும் லேசா மாறும். ஜரிகைக் கோடு மழுங்கும், பொடி எழுத்து கரையும். அதனால என் பழக்கம் ஒண்ணே ஒண்ணு: ஏஐ கிட்ட இருந்து பேக்ரவுண்டை மட்டும் வாங்கிப்பேன். புடவை எப்பவும் கேமராவுல விழுந்த அதே புள்ளிகள்தான். கடைசியில நானே மேல ஒட்டுவேன்.

இப்ப தம்பிக்கு. 0.3 வச்சா புடவையோட அமைப்பு நிக்கும், நிஜம். ஆனா பின்னாடி ஷட்டரும் மின்விசிறியும் சேர்ந்து நிக்கும். அதை மாத்தத்தான் அந்தப் பொண்ணு வந்திருக்கு. கோபுரம் அப்பவும் கலங்கும். `seed` ஒரே எண்ணா வச்சா அதே அமைப்புல அதே படம் திரும்ப வரும், அவ்வளவுதான். அது புடவையைக் கட்டிப்போடாது. பத்துப் புடவைக்கும் ஒரே மாதிரி சுவர் வேணும்னா அப்ப உதவும்.

---

ப்ராம்ப்ட்_பிரகஸ்பதி · சனி, இரவு 11:34

எனக்கு ஷூ, பை எல்லாம் 0.3ல நல்லாத்தான் வந்துச்சு.

---

மாஸ்க்_மேஸ்திரி · சனி, இரவு 11:41

வரும் தம்பி. வழவழன்னு இருக்கற பொருள்ல மாறினது கண்ணுக்குத் தெரியாது. பையோட ஜிப் பல்லை எண்ணிப் பாருங்க.

---

தறிவீட்டுப்_பெரியம்மா · ஞாயிறு, காலை 6:15

கண்ணு, நான் புகுந்த வீடு கொருக்குப்பேட்டை, பிறந்த வீடு காஞ்சிபுரம். அப்பா வீட்டுல ரெண்டு தறி ஓடுச்சு. கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. அந்தக் கலர் விஷயத்துக்கு மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

மயில்கழுத்துங்கறது ஒரு கலர் இல்லை. நீளவாட்டுல ஓடற பாவு நூல் ஒண்ணு, குறுக்க ஓடற ஊடை நூல் ஒண்ணு. நீலப் பாவுல பச்சை ஊடை ஓட்டினா, நேராப் பார்த்தா ஒண்ணு, மடிப்புல பார்த்தா ஒண்ணு, வெயில்ல வேற ஒண்ணு. நீ அனுப்பின படத்துல கொசுவம் பூரா ஒரே ராமர் பச்சையா இருக்கு. கட்டினவளுக்கு அது தெரியும், அதான் திருப்பி அனுப்பிட்டா.

ஆறு கலர் கேட்டியே. பார்டர் கோர்வையா, சாதா நெசவான்னு முதல்ல பாரு. கோர்வைன்னா பார்டருக்கு ஊடை தனி, உடம்புக்கு ஊடை தனி, சேர்ற இடத்துல கோர்த்து நெய்வாங்க. நீ கோபுரம்னு சொல்றதை நாங்க ரேக்குன்னு சொல்லுவோம், அது அந்தச் சேர்ற இடத்துலதான் நிக்கும். அப்ப உடம்பு கலர் மாறினாலும் பார்டர் மாறாது. கோர்வை இல்லைன்னா உடம்போட ஊடை பார்டருக்குள்ளயும் ஓடும். உடம்பு பச்சைன்னா பார்டர் சிவப்பும் கொஞ்சம் மங்கி மாந்தளிர் மாதிரி தெரியும். ஆறு புடவைக்கும் பார்டர் ஆறு விதமா இருக்கும். இதை ஒரு படத்துல தேய்ச்சு ஆறாக்க முடியுமா? பின்பக்கம் திருப்பிப் பாரு, சேர்ற இடத்துல நூல் கோர்த்த தடம் தெரிஞ்சா கோர்வை.

---

எம்சிரோடு_பொண்ணு · ஞாயிறு, காலை 9:02

பெரியம்மா, திருப்பிப் பார்த்தேன். கோர்த்த தடம் இல்லை. அம்மா சிரிக்கறாங்க, "இதைக் கேட்க ஊரைக் கூட்டினியா"ன்னு. ஆறையும் வரிசையா விரிச்சா நீங்க சொன்ன மாதிரியே பார்டரும் ஆறு விதமா இருக்கு. கடையில தினம் பார்க்கறேன், கவனிச்சதே இல்லை.

---

ப்ராம்ப்ட்_பிரகஸ்பதி · ஞாயிறு, காலை 9:20

ஹியூ ஸ்லைடர் விஷயம் வாபஸ். பாவு, ஊடை ரெண்டையும் சேர்த்துத் தள்ளிடும், பார்டரையும் சேர்த்து. ஒரே நூல்ல நெய்த சாதா காட்டனுக்கு ஓகேன்னு இப்பவும் சொல்லுவேன்.

---

மாஸ்க்_மேஸ்திரி · ஞாயிறு, காலை 10:45

காட்டனுக்கும் சாயத்தோட சரியான ஷேட் கைல இல்லாம தள்ளினா அது ஊகம்தான். பெரியம்மா சொன்னதுக்கு அப்புறம் நான் பேச ஒண்ணும் இல்லை. ஆறையும் பொம்மைக்குக் கட்டி எடுங்க. முடியலைன்னா ஒண்ணைக் கட்டி எடுத்துட்டு, மத்த அஞ்சையும் பார்டர் தெரியற மாதிரி மடிச்சு அதே வெளிச்சத்துல எடுத்துப் போடுங்க.

எடுக்கறப்போ ரெண்டு விஷயம் மட்டும். ஃபோனை ஸ்டாண்டுல வச்சு வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டிடுங்க, டியூப்லைட்டை அணைச்சுட்டு வாசல் பக்க வெளிச்சத்துல எடுங்க. அப்புறம் ஃபோன் தரையில இருந்து எத்தனை அங்குலத்துல இருந்துச்சுன்னு எழுதி வையுங்க. அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

---

பாத்திரக்கடை_தம்பி · ஞாயிறு, மதியம் 1:30

நடுவுல வரேன், மன்னிக்கணும். சவுகார்பேட்டையில எவர்சில்வர் பாத்திரம். அண்ணன் சொன்ன அதே முறையில டிபன் கேரியரை வெட்டி, ஏஐ குடுத்த சமையலறைப் படத்துல ஒட்டினேன். கேரியர் மாறலை, ஆனா உத்துப் பார்த்தா அதுல எங்க கடை தெரியுது. டியூப்லைட், எதிர்க்கடை போர்டு, நடுவுல ஃபோனோட நான். சமையலறைக்குள்ள சவுகார்பேட்டை.

---

மாஸ்க்_மேஸ்திரி · ஞாயிறு, மதியம் 2:10

சிரிச்சுட்டேன், கோச்சுக்காதீங்க. கண்ணாடி மாதிரி பளபளக்கற பொருளுக்கு இந்த முறையோட எல்லை இதுதான். அதோட மேற்பரப்பே சுத்தி இருக்கறதோட படம். சுத்தி வெள்ளை வேட்டியையோ தெர்மக்கோலையோ கூடாரம் மாதிரி கட்டி, லென்ஸ் அளவுக்கு ஓட்டை விட்டு எடுங்க. அப்ப கேரியர்ல வெறும் வெள்ளையும் சாம்பலும்தான் விழும், வெளிர் பேக்ரவுண்டுல பொருந்தும். சிவப்புச் சுவர், மரமேஜைன்னு போனீங்கன்னா அந்தச் சிவப்பு பாத்திரத்துல விழணும். அதை ஏஐயை விட்டு வரையச் சொன்னா அடுக்கோட விளிம்பு, கிளிப் எல்லாம் நகர ஆரம்பிக்கும். நான் இதுக்கு மனசுக்குப் பிடிச்ச வழி இன்னும் கண்டுபிடிக்கலை.

---

எம்சிரோடு_பொண்ணு · ஞாயிறு, இரவு 8:50

அண்ணா, செஞ்சு பார்த்தேன், தோல்வி. ஆப் குடுத்த மண்டபம் படத்தை கிம்ப்ங்கற எடிட்டர்ல திறந்து, மேல என் போட்டோவுல இருந்து வெட்டின புடவையை ஒட்டினேன். ரெண்டு ஓரம் தெரியுது, பேய் மாதிரி. ஆப் வரைஞ்ச புடவை என்னுதை விட முந்தானைப் பக்கம் அகலம், வெளிய எட்டிப் பார்க்குது. இடுப்புப் பக்கம் ஒல்லி.

---

மாஸ்க்_மேஸ்திரி · ஞாயிறு, இரவு 9:35

நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், என் தப்பு. புடவை இருக்கற படத்தைக் குடுத்தா அது துணியை ஓரத்துக்கு வெளிய வளர்த்துடும். முந்தானை நீளும், சில சமயம் இன்னொரு மடிப்பே முளைக்கும். அதனால ஆப்புக்குப் புடவையைக் காட்டவே காட்டாதீங்க. ஆள் இல்லாத காலி மண்டபம் மட்டும் கேளுங்க. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வரணும்னு எழுதுங்க. உங்க போட்டோவுல இடப்பக்கம் வாசல்னா, இடப்பக்கத்து ஜன்னல் வெளிச்சம்னு.

இப்ப அந்த உயரக் கணக்கு. ஃபோன் 38 அங்குலத்துல இருந்துச்சுன்னு வைங்க. காலி மண்டபத்துல தரைக்கோடுகளை நீட்டிக்கிட்டே போனா, தூரத்துல ஒரு மட்டத்துல சேரும். அதுதான் கண்மட்டம். பொம்மையை ஒட்டறப்போ அதோட 38 அங்குல உயரம், அதாவது ஏறக்குறைய இடுப்பு, அந்த மட்டத்துல உட்காரணும். இது தப்பினா புடவை மிதக்கற மாதிரியோ, தரை சாய்ஞ்ச மாதிரியோ தோணும். எங்க தப்புன்னு பார்க்கறவங்களுக்குச் சொல்லத் தெரியாது, ஆனா நம்ப மாட்டாங்க.

புடவையை வெட்டறப்போ செலக்‌ஷனை 1 அல்லது 2 புள்ளி உள்ளே இழுத்துடுங்க, கிம்ப்ல `Select > Shrink`. இல்லைன்னா பழைய ஷட்டரோட சாம்பல் ஓரத்துல ஒட்டிக்கிட்டு வரும்.

நிழலை நீங்களே போடணும். புடவை லேயரை நகல் எடுத்து, கருப்பாக்கி, தரையில படுக்க வச்சு, மங்கலாக்கி, லேயர் மோடை `Multiply` ஆக்கி 30 சதவீதம் போல வையுங்க. அதுக்கு மேல, கீழ் ஓரம் தரையைத் தொடற இடத்துல மெல்லிசா ஒரு கருங்கோடு. பெரிய நிழல் சுமாரா இருந்தாலும் பரவாயில்லை, இந்தக் கோடு இல்லைன்னா புடவை தரையில நிக்காது.

---

எம்சிரோடு_பொண்ணு · திங்கள், இரவு 10:20

வந்துடுச்சு!! எண்ணினேன், 31. பார்டரும் அஞ்சு அங்குலக் கணக்குக்குச் சரியா இருக்கு.

ஆனா கலர் இன்னும் செத்துப்போன மாதிரி இருக்கு. ஐஃபோன்ல பார்க்கறப்போ பளிச்சுன்னு இருந்த பச்சை, கிம்ப்ல இருந்து வெளிய வந்ததும் வெளுத்துடுச்சு. அதே போட்டோதானே, நான் தொடவே இல்லையே.

---

மாஸ்க்_மேஸ்திரி · திங்கள், இரவு 11:05

ஐஃபோன் போட்டோவை `Display P3`ங்கற பெரிய கலர் கணக்குல சேமிக்குது. படத்தோட கூடவே "இந்த எண்களை இப்படிப் படி"ன்னு ஒரு சீட்டு இருக்கும். நடுவுல ஏதோ ஒரு ஆப் அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு எண்களை மட்டும் குடுத்திருக்கு. சீட்டு இல்லாதப்போ எல்லாரும் `sRGB`ன்னு நினைச்சுப் படிப்பாங்க, கலர் வெளுக்கும். மயில்கழுத்து மாதிரி அடர்த்தியான பச்சையிலதான் முதல்ல தெரியும்.

ஃபோன்ல இருந்து வந்த மூலப்படத்தை நேரா கிம்ப்ல திறங்க. திறக்கறப்போ அது கேட்கும், `Convert` அமுக்குங்க. அதுக்கு அப்புறம் வெட்டுங்க. ரொம்ப அடர்த்தியான இடம் துளி குறையலாம், `sRGB`க்குள்ள அவ்வளவுதான் இடம்.

முடிச்சதும் ஒரு சோதனை. கடைசிப் படத்துக்கு மேல மூலப்படத்தை அதே இடத்துல வச்சு, லேயர் மோடை `Difference` ஆக்குங்க. புடவை இருக்கற இடம் முழுக் கருப்பா இருக்கணும். எங்கயாவது கோடு மினுங்கினா, அங்க ஏதோ மாறியிருக்கு. நிறைய படம்னா இமேஜ்மேஜிக் போட்டு இப்படி ஓட்டலாம், ரெண்டு படமும் ஒரே அளவா, புடவை ஒரே இடத்துல, மூலப்படமும் `sRGB`க்கு மாத்தினதா இருக்கணும்:

```
magick mulam.png kadaisi.png -compose difference -composite -evaluate multiply 8 sodhanai.png
```

அந்த 8, வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்ட. பேக்ரவுண்ட் கண்டபடி தெரியும், அதை விடுங்க.

---

காசிமேடு_காத்து · செவ்வாய், காலை 7:50

இவ்ளோ பண்றதுக்கு பதிலா தல இல்லாத பொம்மைக்கு ஒரு மூஞ்சி, கை வச்சா இன்னும் நல்லா விக்கும்ல? எங்க அக்கா பொண்ணு மூஞ்சி இல்லாத படத்தைத் தாண்டிப் போயிடும்.

---

மாஸ்க்_மேஸ்திரி · செவ்வாய், காலை 9:15

கழுத்துக்கு மேல வைக்கலாம், புடவையைத் தொடாது. கை வேணாம்னு சொல்லுவேன். கை புடவைக்கு முன்னாடி வந்தா அதுக்குக் கீழ நிழல் வரணும், மடிப்பு அமுங்கணும். அதெல்லாம் ஏஐ புதுசா வரையற துணி, உங்க புடவை இல்லை.

---

தறிவீட்டுப்_பெரியம்மா · செவ்வாய், காலை 9:40

மூஞ்சியும் வேணாம். இல்லாத பொண்ணு கட்டியிருக்கான்னு காட்டினா, அது பொய் இல்லையா?

---

காசிமேடு_காத்து · செவ்வாய், காலை 9:52

பெரிம்மா, அப்ப மண்டபம் மட்டும் நெஜமா? அதுவும் இல்லாத மண்டபம்தான்.

---

தறிவீட்டுப்_பெரியம்மா · செவ்வாய், காலை 10:30

மண்டபத்தை யாரும் காசு குடுத்து வாங்கலையேப்பா. ஆனா கேட்டது நியாயந்தான், யோசிக்கறேன்.

---

எம்சிரோடு_பொண்ணு · புதன், இரவு 9:15

அப்டேட். கலர் சரியாச்சு. `Difference`ல புடவை கருப்பு, முந்தானைக் குஞ்சத்துல மட்டும் மினுங்குது. தனித்தனி நூலை வெட்ட முடியலை, பாதி நூல் போயிடுச்சு. படத்துக்குக் கீழ "பின்னணி கணினியில் உருவாக்கியது, புடவை கடையில் எடுத்த படம்"னு ஒரு வரி போட்டேன். கூடவே டேப் வச்சு பார்டரை அளந்த படமும், வெயில்ல ஒரு மடிப்பும். மூஞ்சி வைக்கலை, அம்மாவும் பெரியம்மா கட்சி.

குஞ்சத்துக்கு என்ன வழி?

---

மாஸ்க்_மேஸ்திரி · புதன், இரவு 10:00

அடுத்த தடவை முந்தானைக்குப் பின்னாடி மட்டும் ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பரைப் பிடிச்சு எடுங்க, பேக்ரவுண்டும் வெளிர் நிறமா வாங்குங்க. அப்ப நூலை வெட்டவே வேண்டாம், அந்த இடத்தை மட்டும் `Multiply`ல வச்சா வெள்ளை மறைஞ்சு நூல் நிக்கும். குஞ்சம் இருட்டுக் கலர்தானே?

---

எம்சிரோடு_பொண்ணு · புதன், இரவு 10:04

அஞ்சுல இருட்டு. ஆறாவது சந்தன கலர் அண்ணா.

---

மாஸ்க்_மேஸ்திரி · புதன், இரவு 10:06

அப்ப அதுக்கு மட்டும் கருப்புச் சார்ட் பேப்பர், இருட்டு மண்டபம், `Screen`. மத்த அஞ்சோட அது சேராம தனியாத் தெரியும், பார்த்துக்கோங்க.